பெருநாளுக்கு ஊட்டை சோடிக்கிறது: பிறைக்கூடா, மேசையா, சீலைத் திரையா?

ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு கிழமைக்கு முன்னால எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டைதான், ராத்தா சீலிங் முழுக்க சீலை கட்டின போட்டோ ஒண்டைப் போடுவா, மச்சி உடனே கண்ணாடிக் கிளாசும் தங்க நிறத் தட்டும் வெச்ச மேசை போட்டோ போடுவா, புள்ளைகள் எல்லாம் பிறைக்கூடு பிறைக்கூடு எண்டு நிப்பாங்க. மூணையும் செய்யிற அளவுக்கு கையில காசும் இல்ல, நேரமும் இல்ல. 2025ல ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7ல வந்திச்சு, அந்தத் தடவை 24 பேருக்கு எங்கட ஊட்டுல சாப்பாடு, அப்ப நான் உக்காந்து டேப்பால அளந்து பாத்துத்தான் எது வேணும் எது வேணாம் எண்டு முடிவெடுத்தன், அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதுறன். எங்கட ஊடு கிண்ணியாவில, ஹோல் 16 அடிக்கு 12 அடி, நடுவில ஒரு ஃபேன், மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். திருகோணமலைப் பக்கம் நிறைய ஊடு இப்படித்தான், அதால உங்கட கணக்கும் பெரிசா மாறாது.

நான் செஞ்ச முதல் பிழை என்னெண்டா மூணையும் மூணு தனித்தனிச் சாமானா நினைச்சதுதான். உண்மையில அப்படி இல்ல. சனம் கீழ பாயில சுத்தியிருந்து சஹன் எண்ட ஒரே பெரிய தட்டுல சாப்பிடப் போகுதா, கதிரையில இருந்து மேசையில சாப்பிடப் போகுதா எண்டதை முதல்ல முடிவு பண்ணுங்க, மிச்சம் எல்லாம் தானா விழும். ஏனெண்டா கீழ இருக்கிற ஆளுட கண்ணு தரையில இருந்து கிட்டத்தட்ட ரெண்டரை அடி உயரத்துலதான் இருக்கு, கதிரையில இருந்தா 4 அடி, நிண்டா 5 அடிக்குக் கிட்ட. நீங்க 7 அடி உயரத்துல ஆயிரம் பிறை கொழுவினாலும் கீழ இருந்து சஹனுக்குள்ள கையை வெச்சிருக்கிற ஆள் கழுத்தை ஒடிச்சு மேல பாக்கப் போறதில்ல, அவருக்குத் தெரியுறது முன்னால இருக்கிற ஆளும் அந்த ஆளுக்குப் பின்னால இருக்கிற சுவரும்தான். அதால தரையில சாப்பாடு எண்டா சுவர்ல சீலை, மேசையில சாப்பாடு எண்டா மேசைக்கு மேல பிறைக்கூடு. இதை மாத்திச் செஞ்சா காசும் போகும், வேலையும் போகும், போட்டோவுலயும் ஒண்டும் விழாது.

இப்ப எங்கட கணக்கு. 24 பேர்ல 4 பேருக்கு முழங்கால் வருத்தம், மூத்தம்மா, மாமி, பெரியப்பா, இன்னும் ஒரு சொந்தக்காரர், இவங்களைக் கீழ இருத்தினா எழுப்புறதுக்கு ரெண்டு ஆள் வேணும். மிச்சம் 20 பேர், ஆம்புளைகள் 10, பொம்புளைகள் 10, ரெண்டு பந்தி. ஒரு சஹனுக்கு 6 பேர் எண்டுறது வழக்கம்தான், நாங்க கொஞ்சம் தாராளமா 5 பேர் வெச்சம், அப்ப ஒரு பந்திக்கு 2 சஹன். ஒரு சஹனைச் சுத்தி சப்பணம் போட்டு இருந்தா ஒரு வட்டத்துக்கு ஆறரை அடி வேணும், ரெண்டு வட்டம் பக்கத்துல பக்கத்துல போட்டா 13 அடி, ஹோல் நீளம் 16, அப்ப 3 அடி நடக்க மிச்சம். அகலத்துல ஆறரை போக ஐந்தரை அடி கிடக்கு, அதுல 4 பேர் இருக்கிற சின்ன மேசையைப் போட்டுட்டன். எல்லாரையும் மேசையில இருத்துற ஐடியாவும் பாத்தன், எங்கட மேசையில 6 பேர்தான் இருக்கலாம், அப்ப 4 பந்தி, கடைசிப் பந்தி சாப்பிடுறப்போ அசருக்கு பாங்கு சொல்லிருவாங்க, புரியாணியும் ஆறிப் போயிரும். வாடகைக்கு மேசை கதிரை எடுக்கலாம்தான், ஆனா 16க்கு 12 ஹோல்ல அதைப் போட்டா ஆக்கள் பக்கவாட்டுல நண்டு மாதிரித்தான் நடக்கணும்.

அப்ப முடிவு, பெரிய அலங்காரம் சுவர்ல, சின்ன அலங்காரம் அந்த 4 பேர் மேசைக்கு மேல. சீலிங்ல ஒண்டும் இல்ல.

சீலிங்கை ஏன் விட்டன் எண்டு கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏனெண்டா எல்லாரும் ஆசைப்படுறது அதுக்குத்தான். நடுவில இருந்து நாலு மூலைக்கும் சீலையை இழுத்துக் கட்டுறது, கலியாண ஊடு மாதிரி. எங்கட ஹோல்ல நடுவில இருந்து மூலைக்கு சரியா 10 அடி. அளந்து 10 அடி எடுத்தா சீலை விறைச்சு நிக்கும், வடிவில்ல, கொஞ்சம் தொய்வு வேணும் எண்டு ராத்தா அவங்கட ஊட்டுல ஒவ்வொரு துண்டுக்கும் 1 அடி கூட விட்டா. 1 அடிதானே எண்டு நினைச்சாங்க. 10 அடி இடைவெளியில 1 அடி கூட விட்டா நடுவில கிட்டத்தட்ட 2 அடி தொங்கும், நம்பாட்டி ஒரு நூலைக் கட்டிப் பாருங்க. 1 அடி தொய்வு வேணுமெண்டா 3 அங்குலம் கூட விட்டாலே காணும். ராத்தாட சீலிங் 9 அடி, அதுல 2 அடி தொங்கினா 7 அடி, உயரமான ஆம்புளைகள் கையைத் தூக்கினா தட்டும், அது பரவாயில்ல எண்டு வெப்பம்.

ஆனா ஃபேன் இருக்கு. 56 அங்குல ஃபேன் எண்டா நடுவில இருந்து 2 அடி 4 அங்குலத்துக்கு இறக்கை சுத்தும், சீலை எல்லாம் வந்து சேர்ற இடமும் அதே நடுதான். ஃபேனைப் போடக்கூடாது எண்டு சுவிட்சுக்கு மேல பேப்பர் ஒட்டி வெச்சா, ஆனா ஜூன் மாசம் கச்சான் காத்து அடிக்கிற நாள், பகல் வெயிலுக்கு அந்தக் காத்து அனல் மாதிரி வரும், லுஹருக்குப் பிறகு வந்த ஒரு சொந்தக்காரர் வேர்வை தாங்காம பேப்பரையும் பாக்காம சுவிட்சைப் போட்டுட்டார். சீலை நுனி ஒண்டு ஏற்கனவே டேப் விட்டுத் தொங்கிக்கிடந்திச்சு, அது இறக்கையில சுத்தி, கொக்கியோட சேத்து இழுத்துக்கிட்டு வந்திச்சு. அல்ஹம்துலில்லாஹ் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல. இன்னொண்டு, பழைய ஊடுகள்ல சீலிங் இல்லாம நேரா அஸ்பெஸ்டஸ் தகடுதான் இருக்கும், அதுல துளை போடவே வேணாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாத சாமான். ஃபேன் இல்லாத, ஏசி போட்ட ஹோல் எண்டா சீலிங் செய்யலாம், நான் குறை சொல்லல்ல. ஃபேனை நம்பி இருக்கிற ஊட்டுக்கு அது சரிவராது.

சரி, சுவருக்கு வருவம். இதுலயும் ரெண்டு வழி இருக்கு, ஒண்டு புடவைக்கடையில சிஃபோனோ ஓர்கன்சாவோ மீட்டர் கணக்குல வாங்கி சீலிங்ல இருந்து தரை வரைக்கும் தொங்க விடுறது, மற்றது ஊட்டுல இருக்கிற சாறியைப் பாவிக்கிறது. முதல் வழிக்குக் கணக்குப் பாத்தன். மடிப்பு மடிப்பா வடிவா விழணுமெண்டா சுவர் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு சீலை வேணும். 8 அடி சுவருக்கு 16 அடி. 45 அங்குலச் சீலை எண்டா 4 துண்டு வெச்சா 15 அடி வரும், அது காணும், ஒவ்வொரு துண்டும் 8 அடி இறக்கமும் மேல கீழ மடிக்க 1 அடியுமா 9 அடி, எல்லாம் சேத்து 12 யார், மீட்டர்ல சொன்னா 11. ஒருநாள் கூத்துக்கு 11 மீட்டர் சீலை. அதுக்குப் பிறகு அதை வெச்சு என்ன செய்யுறது, மறுகா அடுத்த பெருநாளைக்கு எடுக்கிறப்போ கரப்பான் தின்னிருக்கும்.

கீழ இருக்கிற ஆளுட கண்ணு ரெண்டரை அடியில எண்டு சொன்னன் இல்லையா, அந்தக் கணக்கை இங்க போட்டுப் பாத்தப்போதான் விஷயம் விளங்கிச்சு. தரையில இருந்து சாப்பிடுற சனத்துக்குப் பின்னால 8 அடி உயரத் திரை எதுக்கு? மேல 3 அடியை ஒருத்தரும் பாக்கப் போறதில்ல, கீழ 1 அடி ஆக்கள்ட முதுகுக்குப் பின்னால மறைஞ்சிரும். நடுவில இருக்கிற 4 அடிதான் வேலை செய்யுது. ஒரு சாறிட அகலம் எவ்வளவு? 46 அங்குலம், 4 அடிக்கு 2 அங்குலம்தான் குறைவு. நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அப்ப சாறியை நெடுக்கா தொங்க விடாம படுக்கப்போட்டு, நீளத்தைச் சுவரோட ஓடவிட்டா, 9 அடிச் சுவருக்கு சரியா ரெண்டு மடங்கு மடிப்பு வரும், வெட்டத் தேவையில்ல, தைக்கத் தேவையில்ல, ஒரே ஒரு சாறி. மேலயும் கீழயும் கரை ஓடும், அதுவே பட்டி வெச்ச மாதிரி. எனக்கு இதைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு நித்திரை வரல்ல, அவ்வளவு சந்தோஷம்.

எந்தச் சாறி எண்டா, உம்மாட அலுமாரியில ஒரு மருதமுனைக் கைத்தறிச் சாறி இருந்திச்சு, பச்சை, அரக்குக் கரை. கைத்தறிப் பருத்தி கொஞ்சம் பாரம், அதால காத்துக்கு சிஃபோன் மாதிரி ஊதிக்கிட்டு மேல எழும்பாது, மடிப்பும் போட்ட இடத்துல நிக்கும். சாட்டின் எண்டா மடிச்சு வெச்ச கோடு போகவே போகாது, சூட்டைக் கூட்டித் தேய்ச்சா பளபளப்பு போயிரும். சிஃபோனுக்கும் ஓர்கன்சாவுக்கும் ஒரு நல்ல குணம் இருக்கு, பின்னால சின்ன லைட் வயர் போட்டா வெளிச்சம் ஊடால தெரியும், கைத்தறியில அது தெரியாது. உங்களுக்கு ராவுச் சாப்பாடு, லைட்டோட மினுங்கணும் எண்டா வெள்ளை ஓர்கன்சா வாங்குறதுல நியாயம் இருக்கு. எங்களுக்குப் பகல் சாப்பாடு, பகல்ல அந்த லைட் எல்லாம் கண்ணுக்கே தெரியா.

கொழுவின விதம் சொல்றன். முதல்ல தூண்டிலுக்குப் போடுற தங்கூசியில கட்டலாம் எண்டு நினைச்சன், எங்கட ஊர்ல தங்கூசிக்கா பஞ்சம், ஆனா 9 அடிக்கு இழுத்துக் கட்டினா சாறிப் பாரத்துக்கு நடுவில வளைஞ்சு மாலை மாதிரி ஆயிருச்சு. மறுகா வயரிங்குக்குப் போடுற பிவிசி பைப் ஒண்டு எடுத்து, தரையில இருந்து 5 அடி உயரத்துல 2 கொங்கிறீட் ஆணி, நடுவில ஒரு ஆணி, அதுல வெச்சன். நடு ஆணி கட்டாயம், இல்லாட்டி பைப்பும் வளையும். டபுள் டேப்பை நம்பாதீங்க, உப்புக்காத்தும் சுண்ணாம்புச் சுவரும் சேந்தா அடுத்த நாள் சுபஹுக்கே கீழ கிடக்கும், சில வேளை பெயின்டையும் உரிச்சுக்கிட்டு வரும்.

மடிப்பு ஒரே அளவா வர ஒரு வழி இருக்கு. சாறியை நீளவாக்குல பாதியா மடிச்சு நடுவுல ஒரு கிளிப் போடுங்க, மறுகா அந்தப் பாதியைப் பாதி, அதையும் பாதி, 8 பங்கு வரும், ஒவ்வொண்டும் 27 அங்குலம். பைப்பையும் 8 பங்காப் பிரிச்சுப் பென்சில்ல கோடு போடுங்க, ஒவ்வொண்டும் பதின்மூண்டரை அங்குலம். முதல்ல அந்தக் கோட்டுக்குக் கோடு கிளிப்பை மாட்டிட்டு, பிறகு இடையில இருக்கிறதை மடிச்சுக்கிட்டு போனாச் சரி. ஒரு கோடியில இருந்து மடிச்சுக்கிட்டு வந்தா கடைசியில ஒண்டு சீலை காணாது, இல்லாட்டி ஒரு குவியல் மிஞ்சும், முதல் தடவை எனக்கு 2 அடி மிஞ்சிச்சு. ஊசி குத்தாதீங்க, ஒரு ராவுக்குள்ள ஊசியில துரு பிடிச்சு சாறியில பழுப்புப் புள்ளி விழும், உடுப்பு காயப் போடுற கிளிப்தான் நல்லம். பைப்புக்கு மேல 2 அங்குலம் மடிச்சா மிச்சம் 44 அங்குலம் தொங்கும், கீழ 16 அங்குலம் சுவர் தெரியும், அது பாய்ல ஆக்கள் இருந்ததும் மறைஞ்சிரும். எதிர்க்க ஜன்னல் இருந்ததால கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆடிச்சு, வலைக்குப் போடுற ஈயக்குண்டைக் கோர்த்துவிடச் சொன்னான் தம்பி, புள்ளைகள் வாயில வெப்பாங்க எண்டு நான் விடல்ல, கீழ்க்கரையில 5 இடத்துல அதே கிளிப்பை மாட்டிவிட்டன், அதுட பாரமே காணும்.

ஒண்டு மட்டும் மறக்கப் பாத்தம். பெருநாள் ராவு உம்மா சாம்பிராணிச் சட்டியோட எல்லா அறையும் சுத்துவா, அந்தச் சட்டியைச் சீலைக்குக் கிட்ட வெச்சிட்டு குசினிக்குப் போனா ஒரு பொறி காணும். பருத்தி எண்டா எரியும், பொலியெஸ்டர் எண்டா உருகி ஒட்டும், ரெண்டும் கூடாது. அதால சட்டிக்கு வெளிவாசல்ல ஒரு இடம் சொல்லி வெச்சன்.

இனிப் பிறைக்கூடு. கடையில வாங்குறதுல ரெண்டு வகை பாத்தன், பிளாஸ்டிக் பிறைக்குள்ள பட்டன் பெட்டரி போட்டது ஒண்டு, பலகையில வெட்டினது மற்றது. பட்டன் பெட்டரிச் சாமானை நான் ஊட்டுக்குள்ளயே எடுக்கல்ல, அந்த மூடி நகத்தால தட்டினாலே கழருது, அந்தப் பெட்டரியைச் சின்னப் புள்ளை விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக்குழாயை அரிக்கத் தொடங்கிரும். எங்கட ஊட்டுல அண்டைக்கு 5 வயசுக்குக் கீழ 4 பேர். பலகைப் பிறை வடிவுதான், அடுத்த வருஷமும் பாவிக்கலாம், ஆனா பாரம், நல்ல கொக்கி வேணும்.

கையால செய்யுறதுக்குத்தான் கடைசியில போனம், ஏனெண்டா வெசாக் கூடு கட்டுற மாதிரியேதான், மூங்கில் சிலாகை, சவ்வுத்தாள், கோதுமைமாப் பசை. திருகோணமலையில வளந்த புள்ளைகளுக்கு வெசாக் கூடு என்னெண்டு சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. கெய்ரோவில ரமழானுக்குத் தகரமும் நிறக் கண்ணாடியும் வெச்சு ஃபானூஸ் எண்டு விளக்கு செய்வாங்க, அதைப் பாத்துத்தான் இந்தப் பிறை விளக்கு எல்லாம் இங்க பரவிச்சு எண்டு நினைக்கிறன், நம்மட கைக்கு வெசாக் கூடுதான் லேசு.

பிறை வடிவத்துக்கு 12 அங்குலத் தட்டு ஒண்டு, 10 அங்குலத் தட்டு ஒண்டு. பெரிய தட்டை வெச்சு வட்டம் போட்டு, சின்னத் தட்டுட நடுவைப் பெரிய வட்டத்துட நடுவுல இருந்து 2 அங்குலம் தள்ளி வெச்சு ரெண்டாவது வட்டம் போட்டா, வயித்துல 3 அங்குலம் அகலமான பிறை வரும், ரெண்டு கொம்புக்கும் இடையில ஒன்பதரை அங்குலத்துக்குக் கிட்ட. இன்னும் ஒடுக்கமா வெட்டினா கொம்பு மெலிஞ்சு வளையும். கார்ட்போர்ட்ல வெட்டுறதெண்டா ஒரு மட்டை காணாது, ரெண்டு மட்டையை உள்வரி குறுக்கும் நெடுக்குமா வர்ற மாதிரி ஒட்டுங்க, ஒரு மட்டை எண்டா எங்கட ஊர் ஈரக்காத்துக்கு ஒரே ராவுல கொம்பு தொங்கிப் போயிரும். இப்படி ரெண்டு பிறை வெட்டி, இடையில 3 அங்குலச் சிலாகைத் துண்டுகள் வெச்சு இணைச்சு, சுத்தி சவ்வுத்தாள் ஒட்டினாக் கூடு.

கொழுவுறதுலதான் எல்லாரும் பிழை விடுறாங்க. போட்டோவுல எல்லாம் பிறை நிமிந்து நிக்கும், அதை ஒரு நூல்ல கட்டினா ஒரு பக்கம் சரியும், ஃபேன் போட்டா பம்பரம் மாதிரிச் சுத்தும். ஆனா நம்மட ஊர்ல பிறை நிமிந்தா நிக்குது? மஃரிபுக்குப் பிறகு கிண்ணியாப் பாலத்துல நிண்டு தம்பலகாமக் குடாப் பக்கம் பாத்தவங்களுக்குத் தெரியும், தலைப்பிறை தோணி மாதிரிப் படுத்துத்தான் கிடக்கும், வயிறு கீழ, கொம்பு ரெண்டும் மேல, மாசத்துக்கு மாசம் கொஞ்சம் சரிவு மாறும். நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால அப்படி, வடக்க போகப் போகத்தான் பிறை நிமிரும். அதால நாங்களும் படுத்த பிறையாவே கட்டினம், ரெண்டு கொம்புலயும் ரெண்டு தங்கூசி. பாரம் எல்லாம் கீழ வயித்துல, பிடி ரெண்டும் மேல, அதால சரியவும் இல்ல சுத்தவும் இல்ல. தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு நிக்காது, தூண்டில் கட்டுற மாதிரி நாலஞ்சு சுத்து சுத்தி முடிச்சுப் போடுங்க, தெரியாட்டி கடற்கரைப் பக்கம் ஆரையாச்சும் கேட்டாச் சொல்லித் தருவாங்க.

மூணு கூடு, 4 பேர் மேசைக்கு மேல மட்டும். மேசை தரையில இருந்து ரெண்டரை அடி, அதுக்கு மேல ரெண்டரை அடி விட்டு, தரையில இருந்து 5 அடியில கூட்டுட வயிறு. மேசை கிடக்கிற இடத்துல ஒருத்தரும் நடக்கமாட்டாங்க, அதால இவ்வளவு பதிவா கட்டலாம், இதையே ஹோல் நடுவில கட்டினா 7 அடிக்கு மேல போகணும், போனா ஆருக்கும் தெரியாது. வெளி விறாந்தையிலயும் ஒண்டு கட்டினான் தம்பி, கச்சான் அடிச்ச அடியில பத்து மணிக்கு சவ்வுத்தாள் கிழிஞ்சிட்டு. விறாந்தைக்கு எண்டா பலகைப் பிறைதான் சரி.

உள்ளுக்கு லைட்டுக்கு யூஎஸ்பி வயர் ஒண்டு வாங்கி பவர் பேங்க்ல குத்தினன். ஒரு நிமிஷம் எரிஞ்சு தானா அணைஞ்சிட்டு, திரும்பக் குத்தினா திரும்பவும் அப்படியே. லைட் பழுது எண்டு நினைச்சு மாத்தப் போயிட்டன், கடைக்காரர் போன் சார்ஜர்ல குத்திக் காட்டினார், சும்மா எரிஞ்சிது. பவர் பேங்க் எண்டது கரண்ட் ரொம்பக் கொஞ்சமாப் போனா, போன் நிரம்பிட்டு எண்டு நினைச்சுத் தானே அணைஞ்சிரும். மூணு கூட்டு வயரையும் ஒரே பவர் பேங்க்ல ஒண்டாக் குத்தினப்போ நிக்காம எரிஞ்சிது. நிறம் எடுக்கிறப்போ மஞ்சள் கலந்த வெள்ளையா எடுங்க, நீல வெள்ளை சவ்வுத்தாளை ஆஸ்பத்திரி மாதிரிக் காட்டும். மெழுகுதிரி வேணவே வேணாம்.

மேசைக்குப் பெரிசா ஒண்டும் செய்யல்ல. வெள்ளை விரிப்பு, நடுவில 13 அங்குல அகலத்துக்கு ஒரு கைத்தறித் துண்டு, ரெண்டு பக்கமும் 7 அங்குலம் தொங்க. நடுவில பூச்சாடி வெச்சுப் பாத்தன், ஒன்றரை அடி உயரம், மூத்தம்மாவும் மாமியும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் எட்டி எட்டிப் பாத்தாங்க, எடுத்துட்டு வட்டிலப்பத் தட்டையே நடுவில வெச்சன். 1 அடிக்கு மேல உயரமா எதுவும் மேசை நடுவில வேணாம். மேலால கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் விரிக்கிற பழக்கம் இருக்கு, கழுவ லேசு, ஆனா அடியில இருக்கிற சீலை வடிவெல்லாம் போயிரும், போட்டோவுல பளீர் எண்டு வெளிச்சம் அடிக்கும், கை வேற ஒட்டும்.

கீழ சஹனுக்கு சுப்ரா. பிளாஸ்டிக் ரோல் சுப்ரா வாங்கினா சாப்பிட்டதும் சுருட்டி எறிஞ்சிரலாம், ஆனா ஃபேன் காத்துக்கு எழும்பிப் புரியாணியைத் தட்டும், நாலு மூலையிலயும் தண்ணிப் போத்தல் வெக்கணும். நாங்க பன்பாய்க்கு மேல சீலைச் சுப்ரா விரிச்சம், 7 அடிக்கு 7 அடி ரெண்டு, முதல் பந்தி எழும்பினதும் ஒண்டை மாத்தினம். துவைக்கிறது என்ட பாடு.

நேரக் கணக்கு ஒண்டு இருக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் எண்டா பிறை கண்டு பத்து நாள் கழிச்சுத்தான் வருது, ஆறுதலாச் செய்யலாம். நோன்புப் பெருநாள் அப்படியில்ல, 29வது நோன்பு மஃரிபுக்குப் பிறகு கொழும்புப் பெரிய பள்ளியில இருந்து அறிவிப்பு வர்ற வரைக்கும் நாளைக்கா நாளை மறுநாளா எண்டு தெரியாது, அப்ப எல்லா வேலையையும் அந்த ராவுக்கு விட்டா தொதலும் கிண்டிக்கிட்டு ஆணியும் அடிக்கிற நிலைமை. ஆணி, பைப், தங்கூசி எல்லாத்தையும் 25ம் நோன்போட அடிச்சு முடிச்சிருங்க, கூட்டையும் செஞ்சு பிளாஸ்டிக் பையில போட்டு வைங்க, சாறியை மட்டும் அறிவிப்பு வந்த பிறகு எடுத்துக் கொழுவுங்க, அது ரெண்டு பேருக்கு அரை மணித்தியால வேலை. பச்சைப் பூ, குருத்தோலை எல்லாம் அறிவிப்புக்கு முன்னால வாங்கினா வாடிரும். திருகோணமலை டவுன்ல இருக்கிற சாச்சி ஒரு தடவை அதையும் மீறி கேட்டுல குருத்தோலையும் பூவும் கட்டி வெச்சா, சுபஹுக்கு எழும்பிப் பாத்தா மான் ரெண்டு நிண்டு ஆறுதலாத் திண்டுக்கிட்டு இருந்திச்சாம், டவுன்ல மான் ரோட்டுலயே திரியும், அதுகளுக்கும் பெருநாள்தானே.

எங்கட ஊட்டுல அண்டைக்கு ஆக்கள் கேட்டது எல்லாம் சுவர்ச் சீலையைப் பத்தித்தான், மச்சி நாலு தடவை போட்டோ எடுத்தா, சாறிதான் எண்டு சொன்னா நம்பமாட்டேன் எண்டுட்டா. பிறைக்கூட்டைக் கதிரையில இருந்த நாலு பேரும் பாத்தாங்க, கீழ இருந்த ஒருத்தரும் பாக்கல்ல, நினைச்ச மாதிரித்தான். மூத்தம்மா மேல பாத்துட்டு, "ஏன் புள்ளே, தோணியைக் கொண்டாந்து ஏன் தலைக்கு மேல கட்டி வெச்சிருக்கே" எண்டு கேட்டா.

ஒரு கணக்குத்தான் பிழைச்சிட்டு. கீழ 16 அங்குலம் விட்டாலும், சுவரோட சாஞ்சு இருந்த சின்ன மருமகன் புரியாணிக் கையைப் பின்னால கொண்டுபோய்க் கரையிலயே துடைச்சிருக்கான். நெய்க்கறை, ரெண்டு இடத்துல. சவர்க்காரம் போட்டு ஒண்டு போயிட்டு, மற்றது இன்னும் கிடக்கு, அந்த மடிப்பு உள்ளுக்குப் போற மாதிரி மடிச்சு அலுமாரியில வெச்சிருக்கன், உம்மா இன்னும் பிரிச்சுப் பாக்கல்ல.